நாய்க்கடி ஊசி நாட்களில் மது: முழுவதும் விலகுவதா, சில நாள் விலகுவதா, ஊசியைத் தள்ளிப்போடுவதா?

தடுப்பூசி போட்டுக்கொள்ளும் நாட்களில் மது அருந்தலாமா என்ற கேள்வி எல்லாத் தடுப்பூசிகளுக்கும் எழுவதுதான். ஆனால் குமரி மாவட்டத்தில் அது உயிரைத் தொடும் கேள்வியாக மாறுவது நாய்க்கடி ஊசியில்தான். கொரோனா ஊசியோ ஃப்ளூ ஊசியோ ஒரு வாரம் தள்ளிப்போனால் பெரும்பாலும் எதுவும் கெட்டுவிடுவதில்லை. கடிபட்டபின் போடும் ரேபிஸ் தடுப்பூசிக்கு அந்த ஒரு வாரச் சலுகை கிடையாது. அப்படியிருந்தும் குலசேகரம் பக்கமிருந்தும் குளச்சல் பக்கமிருந்தும் வாசகர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கிறது: "ஊசி போட்டா ஒரு மாசம் குடிக்கப்பிடாதுன்னு சொல்லுதாவ. ஞாயித்துக்கெழம தங்கச்சிக்குக் கல்யாணம். கல்யாணம் களிஞ்சு ஊசியத் தொடங்குனா போராதா அண்ணே?"

போதாது. இந்தக் கேள்வியில் மதுவுக்கும் ஊசிக்கும் இடையே எதை விட்டுக்கொடுப்பது என்பது தலைகீழாகிவிட்டது. குடித்தால் ஊசி வேலை செய்யாது என்ற அச்சத்துக்குக் கிடைக்கும் சான்று மெல்லியது. தாமதமாகும் ஊசியின் ஆபத்துக்குக் கிடைக்கும் சான்று மிக வலுவானது. மெல்லிய அச்சத்துக்காக வலுவான ஆபத்தை ஏற்றுக்கொள்வதுதான் நடக்கிறது. எனவே மதுவை என்ன செய்யலாம் என்பதற்கு இருக்கும் நான்கு வழிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், ஊசி உரிய நாளில் உடம்பில் ஏறுகிறதா என்பது. அரசு மருத்துவமனைகளில் இப்போது தோலுக்குள் போடும் முறைக்கு 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். தசையில் போடும் முறைக்கு 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்கள். இங்கே பலர் தவறும் ஒரு நுணுக்கம் உண்டு. 0-ஆம் நாள் என்பது கடிபட்ட நாள் அல்ல. முதல் ஊசி போட்ட நாள். கடிபட்டு இரண்டு நாள் கழித்து வந்தவருக்கு அன்றுதான் 0-ஆம் நாள். ஆனால் வைரஸ் அந்த இரண்டு நாளையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் நடக்கிறது.

இரண்டாவது, கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகிறதா என்பது. ரேபிஸுக்கு எதிராக இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 பன்னாட்டு அலகு இருந்தால் போதுமானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நல்ல உடல்நிலையில் உள்ளவர்கள் ஏறத்தாழ எல்லோரும் 14-ஆம் நாளுக்குள் இந்த அளவைத் தாண்டிவிடுகிறார்கள். மது இந்த அளவைத் தொடமுடியாமல் செய்கிறதா என்பதுதான் கேள்வியே தவிர, எதிர்ப்பொருளின் எண்ணிக்கையைச் சற்று முன்பின்னாக்குகிறதா என்பது கேள்வியல்ல.

மூன்றாவது, உடம்பில் ஏதேனும் தவறாகும்போது அதை அடையாளம் காண முடிகிறதா என்பது. காய்ச்சல், தலைவலி, வாந்தி, தலைசுற்றல் ஆகியவை ஊசியின் பின்விளைவாகவும் இருக்கலாம், முந்தின இரவு குடித்ததன் பின்விளைவாகவும் இருக்கலாம்.

நான்காவது, அந்த முடிவினால் வரும் மறைமுக விலை. இதைத்தான் பெரும்பாலும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

## ஒரு மாத விலக்கு எங்கிருந்து வந்தது

நாய்க்கடி ஊசி போட்டவர் மது தொடக்கூடாது என்பது நம் ஊர் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஒருகாலத்தில் அது மருத்துவப் பாடப்புத்தகத்தில் இருந்த அறிவுரைதான். அது சொல்லப்பட்ட ஊசி வேறு. 1911-இல் டேவிட் செம்பிள் உருவாக்கிய முறைப்படி, வைரஸ் ஏற்றப்பட்ட ஆட்டின் மூளைத் திசுவைக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து தயாரித்த மருந்தை வயிற்றில் தினமும் ஓர் ஊசி வீதம் பத்து முதல் பதினான்கு நாள் வரை போடுவார்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் போன்ற இடங்களில் அது தயாரானது. வயதானவர்கள் இன்றும் "தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி" என்று பேசுவது அதைத்தான்.

அந்த மருந்தில் மூளைத் திசு இருந்ததால், சிலருடைய உடம்பு அதற்கு எதிராகக் கிளர்ந்து, தன்னுடைய நரம்புகளின் உறையையே தாக்கிவிடும். கைகால் விழுந்துபோகும் அபாயம் உண்டு. இதைத் தூண்டக்கூடியவை என்று கருதி, மது, கடும் உடலுழைப்பு, இரவு விழிப்பு ஆகியவற்றைச் சிகிச்சை முடிந்தும் ஒரு மாதம் வரை தவிர்க்கச் சொன்னார்கள். பத்தியம் என்று நாம் புரிந்துகொண்டது அதைத்தான்.

இந்தியாவில் அந்த ஊசியின் உற்பத்தி 2004 டிசம்பரில் நின்றுவிட்டது. இப்போது போடப்படுவது செல் வளர்ப்பில் தயாரான தடுப்பூசி. அதில் மூளைத் திசு இல்லை, நரம்புத் தாக்குதலுக்கு அந்தக் காரணமும் இல்லை. மருந்து போய்விட்டது, பத்தியம் மட்டும் தங்கிவிட்டது. பழைய விதி தங்குவதால் தீங்கில்லை என்று விட்டுவிடலாமா என்றால் விட முடியாது. அதே விதிதான் கல்யாணம் கழியட்டும் என்று ஊசியைத் தள்ளிவைக்க வைக்கிறது.

## மது எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறதா

சான்றுகளை மூன்று தட்டுகளாகப் பிரித்தால் தெளிவு கிடைக்கும்: ஒருநாள் குடி, அளவான குடி, அன்றாடக் குடி. செய்திகளில் வரும் குழப்பத்தின் பெரும்பகுதி இந்த மூன்றையும் ஒன்றாகக் கலப்பதால் வருவது.

ஒருநாள் குடியைப் பற்றி 2015-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஆரோக்கியமான இளைஞர்களும் பெண்களுமாகப் பதினைந்து பேருக்கு நான்கைந்து ஷாட் ஓட்காவைக் குடிக்கக் கொடுத்து, இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். இருபது நிமிடத்தில் எதிர்ப்பாற்றலின் செயல்பாடு சற்று உயர்ந்தது. இரண்டு மணி நேரத்திலும் ஐந்து மணி நேரத்திலும் சில வெள்ளையணுக்களின் எண்ணிக்கை தாழ்ந்தது. இதை வைத்துக்கொண்டு ஊசி வீணாகும் என்று சொல்பவர்கள் கவனிக்காத விஷயம், அங்கே யாருக்கும் தடுப்பூசி போடப்படவில்லை என்பதே. சில மணி நேர ஏற்ற இறக்கத்தை அவர்கள் அளந்தார்கள். எதிர்ப்பொருள் உருவாவதோ பல நாட்களில் நடக்கும் வேலை.

அளவான குடிக்கு 2013-இல் குரங்குகளில் நடந்த ஓர் ஆய்வு உண்டு. பன்னிரண்டு குரங்குகளுக்கு அம்மை வகைத் தடுப்பூசி போடப்பட்டு, நாளெல்லாம் மதுக் கரைசல் கிடைக்கும்படி விடப்பட்டது. மிகுதியாகக் குடித்தவை மறுபடி ஊசி போட்டபோது தளர்வான எதிர்ப்பாற்றலையே காட்டின. அளவாகக் குடித்தவை குடிக்காதவற்றைவிடச் சற்று மேலாகவே காட்டின. இதைக் கேட்டு உற்சாகமடையத் தேவையில்லை: விலங்குகளின் எண்ணிக்கை சிறிது, தடுப்பூசி வேறு. மிகுதி என்பதுதான் தீங்கு செய்கிறது என்ற திசையை மட்டும் அது காட்டுகிறது.

அன்றாடக் குடிக்குத்தான் மனிதர்களிடம் உறுதியான சான்று இருக்கிறது, அதுவும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியில். நெடுங்காலக் குடிப்பழக்கம் உள்ளவர்களில் வழக்கமான அளவு ஊசிக்குப் பாதிக்கும் குறைவானவர்களே போதிய எதிர்ப்பொருளைப் பெற்றனர். இரட்டை அளவில் கூடுதல் ஊசி போட்டபோது அது ஏறத்தாழ நாலில் மூன்று பங்காக உயர்ந்தது. கொரோனா ஊசியில் ஜப்பானின் சிபா பல்கலைக்கழக மருத்துவமனைப் பணியாளர்களிடம் நடந்த ஆய்வில், அடிக்கடி குடிப்பவர்களின் எதிர்ப்பொருள் அளவு சற்றுக் குறைந்தே காணப்பட்டது. குறைந்தது என்பதற்கும் பாதுகாப்பில்லை என்பதற்கும் இடையில் நெடுந்தூரம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2020 டிசம்பரில் ரஷ்யாவில் ஸ்புட்னிக் ஊசிக்கு 42 நாள் மதுவிலக்கு என்று சுகாதார அதிகாரி ஒருவர் அறிவிக்க, அந்த ஊசியை உருவாக்கிய நிறுவனத்தின் தலைவரோ ஒவ்வோர் ஊசிக்கும் பின் மூன்று நாள் விலகினால் போதும் என்றார். ஒரே நாட்டில், ஒரே ஊசிக்கு, ஒரே மாதத்தில் இரண்டு கணக்கு வந்ததே, எந்த எண்ணும் ஆய்வில் அளந்து கண்டதல்ல என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

ரேபிஸ் ஊசிக்கு வருவோம். இந்த ஊசியின் பலனைக் குறைக்கும் என்று அறியப்பட்டவை வேறு: குளோரோகுயின் போன்ற மலேரியா மருந்து, ஸ்டீராய்டு, புற்றுநோய்ச் சிகிச்சை மருந்து, உறுப்பு மாற்றியவர்கள் எடுக்கும் மருந்து. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு எடுப்பவர் அதைச் சொல்ல மறந்துவிட்டு, ஒரு பீரைப் பற்றி மட்டும் பத்து முறை கேட்பதை நான் வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன்.

## 'அளவாக' என்பது எவ்வளவு

அளவாக என்ற சொல்லுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவு வைத்திருப்பதால், கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. டாஸ்மாக்கில் கிடைக்கும் பிராந்தி, ரம், விஸ்கியில் மதுவின் அளவு 42.8 விழுக்காடு. 180 மில்லி கொண்ட ஒரு குவாட்டரில் 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் ஏறத்தாழ 61 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று வரையறுக்கிறது. நம் ஊரில் "ஒரு குவாட்டர்தானே" என்று சொல்லப்படுவது அந்தக் கோட்டைத் தொட்டுவிட்ட அளவு. 90 மில்லி கட்டிங் என்றால் ஏறத்தாழ 30 கிராம். ஐந்து விழுக்காட்டுப் பீர் 650 மில்லி பாட்டில் 26 கிராம். எட்டு விழுக்காட்டு ஸ்ட்ராங் பீர் 41 கிராம். கீழே நான் 'சிறிதளவு' என்று சொல்லும்போது ஒரு கட்டிங்கையோ ஒரு சாதாரணப் பீரையோ தாண்டாததையே குறிப்பிடுகிறேன்.

## முதல் வழி: கடைசி ஊசி வரை முழுவிலக்கு

நான்கு வாரம் மது தொடாமல் இருப்பது ஊசிக்கோ காயத்துக்கோ உடம்புக்கோ எந்தக் கெடுதலும் செய்யாது. வழக்கமாக எப்போதாவது குடிப்பவருக்கு இது எளிது. நாய்க்கடிக் காயத்துக்கு ஆன்டிபயாட்டிக் எழுதப்பட்டிருக்கும் நாட்களிலாவது இதுவே சரியான வழி. குறிப்பாக மெட்ரோனிடசோல் மாத்திரை எழுதப்பட்டிருந்தால் அது முடிந்து இரண்டு மூன்று நாள் வரை மது கூடாது என்று மருந்தின் குறிப்பேடே எச்சரிக்கிறது. மருத்துவர் குடிக்காதே என்று சொன்னது ஊசியை நினைத்தல்ல, அந்த மாத்திரையை நினைத்துத்தான் என்பது பல வீடுகளில் தெரியாமலே போய்விடுகிறது.

மறைமுக விலை அன்றாடக் குடிகாரர்களுக்கு. தினமும் குவாட்டரும் அதற்கு மேலும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நான்காம் நாளில் ஆள் தெரியாமல் பிதற்றுவது, இல்லாததைக் காண்பது, வியர்த்துக் கொட்டுவது ஆகியவை ஏற்படும் நிலையும் வரலாம். அது உயிருக்கே ஆபத்தானது. நாய்க்கடிக்கு ஊசி தொடங்கி மூன்றாம் நாளில் ஒருவர் இப்படிப் பிதற்றினால் வீட்டார் உடனே "வெறி பிடித்துவிட்டது" என்று நினைத்துவிடுவார்கள். ரேபிஸ் அறிகுறி வெளிப்படப் பொதுவாக இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்துக்குள் வருவது மிக அரிது. கடிபட்ட மூன்றாம் நாளில் நடுக்கமும் பிதற்றலும் வந்தால், மது நிறுத்தியதன் விளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கு மருத்துவமனையில் மருந்து இருக்கிறது, தாமதமின்றிக் கொண்டுபோக வேண்டும்.

ஆகவே தினக்குடிகாரர் முழுவிலக்கைத் தேர்ந்தெடுத்தால் அதை மருத்துவரிடம் சொல்லித்தான் தொடங்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்கு மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து மேற்பார்வையில் நிறுத்த வைக்க முடியும்.

## இரண்டாம் வழி: ஊசி நாளையொட்டி மட்டும் விலகல்

ஊசிக்கு முந்தின நாள் இரவு முதல், ஊசி போட்ட இரண்டாம் நாள் வரை தொடாமல் இருப்பது இது. முன்பே சொன்னதுபோல, இந்த எண்ணை எதிர்ப்பாற்றல் ஆய்வு எதுவும் கட்டளையிடவில்லை. ஆனாலும் இதை நான் நல்ல வழியாகக் கருதுவதற்குக் காரணங்கள் வேறு. முந்தின இரவு குடிக்காதவர் காலையில் நேரத்துக்கு எழுந்து வரிசையில் நிற்பார். ஊசி போட்டபின் அரைமணி நேரம் காத்திருக்கச் சொல்லும்போது அவருக்கு வரும் தலைசுற்றலோ மூச்சுத்திணறலோ ஊசியினால்தான் என்று செவிலியர் உடனே புரிந்துகொள்வார். அன்று மாலை காய்ச்சல் வந்து பாராசிட்டமால் எடுத்தால் கல்லீரலுக்கு இரட்டைச் சுமை இருக்காது.

தோலுக்குள் போடும் முறையில் இரண்டு மேற்கைகளிலும் 0.1 மில்லி வீதம் போடுவார்கள். சரியாகப் போட்டால் அந்த இடத்தில் ஆரஞ்சுத் தோல் போலச் சிறு மேடு எழும்பும். ஆடிக்கொண்டிருக்கும் கையில் அந்த மேட்டை எழுப்புவது கடினம். ஊசி தோலுக்குக் கீழே இறங்கிவிட்டால், அருகிலேயே மீண்டும் ஒரு முறை போட வேண்டியிருக்கும்.

மறைமுக விலை சிறியது. மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அடுத்தடுத்து வருவதால், முதல் பத்து நாளில் குடிக்கக் கிடைக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஆகவே நடைமுறையில் இது முதல் ஒன்பது நாள் விலக்கு, பிறகு 28-ஆம் நாளையொட்டி மூன்று நாள் என்று முடியும். எப்போதாவது குடிப்பவருக்கும், வாரம் ஒருமுறை குடிப்பவருக்கும் இதுவே பொருத்தமானது.

## மூன்றாம் வழி: சிறிதளவோடு நிறுத்தி, ஊசியை விடாமல் போடுவது

ஊசி நாளன்று மாலையில் ஒரு கட்டிங் குடித்தால் ஊசி வீணாகிவிட்டதா என்றால், இல்லை. அதை நினைத்து அடுத்த ஊசிக்குப் போகாமல் இருப்பதுதான் தவறு. இந்த வழி யாருக்குச் சரி என்றால், முழுதாக நிறுத்த முடியாத நிலையில், ஊசியா மதுவா என்று கட்டாயப்படுத்தினால் ஊசியை விட்டுவிடும் ஆபத்து உள்ளவருக்கு. வீட்டார் "குடித்துவிட்டு ஊசிக்குப் போகாதே" என்று தடுப்பதைவிட, "குடித்திருந்தாலும் ஊசிக்கு வா" என்று கையைப் பிடித்து அழைத்துப்போவது மேல். குடித்திருப்பது இந்த ஊசியை மறுப்பதற்கான காரணம் அல்ல. கடிபட்டபின் போடும் ரேபிஸ் ஊசிக்கு கர்ப்பம்கூடத் தடையில்லை.

மறைமுக விலை, சிறிதளவு என்பது மேசையில் உட்கார்ந்தபின் சிறிதளவாக இருப்பதில்லை என்பதுதான். மிகைக்குடி எல்லைக்கு ஒரு குவாட்டரே போதும் என்பதை மேலே பார்த்தோம்.

## நான்காம் வழி: ஊசியைத் தள்ளிப்போடுவது

இந்த வழியில் பலர் விழுகிறார்கள். அதை எடைபோட நீண்ட நேரம் தேவையில்லை. ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பவர் ஏறத்தாழ எவரும் இல்லை. கடிபட்ட காயத்திலிருந்து நரம்பின் வழியே மூளைக்கு நகரும் வைரஸை, அது நரம்புக்குள் புகுவதற்கு முன் தடுப்பதற்காகவே ஊசியை அவசரமாகப் போடுகிறோம். முகத்திலும் கையிலும் கடிபட்டவருக்குக் கால அவகாசம் இன்னும் குறைவு. இரத்தம் கசிந்த கடிக்கு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருள் ஊசியும் போட வேண்டும்; அதை முதல் தடுப்பூசி நாளிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டாக வேண்டும், பிறகு போடுவதில் பயனில்லை.

இந்த வழி எந்தச் சூழ்நிலையிலும் பொருந்தாது. கல்யாணம், கோட்டாறு கோவில் திருவிழா, மண்டைக்காடு கொடை, கடலுக்குப் போகும் நாள் என எந்தக் காரணமாக இருந்தாலும் இதற்கு இடமில்லை. தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகிறவர்களுக்கு 28-ஆம் நாள் ஊசி கடலில் இருக்கும்போது வந்துவிடும் என்ற சிக்கல் மதுவைவிட உண்மையானது. அதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லித் திட்டமிட வேண்டும்.

| வழி | ஊசி உரிய நாளில் ஏறுமா | எதிர்ப்பொருள் | மறைமுக விலை | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| முழுவிலக்கு | ஏறும் | பாதிப்பில்லை | தினக்குடிகாரருக்கு விலகல் அறிகுறி | எப்போதாவது குடிப்பவர். ஆன்டிபயாட்டிக் எடுப்பவர் |
| ஊசி நாளையொட்டி விலகல் | ஏறும் | பாதிப்பதாகச் சான்றில்லை | முதல் ஒன்பது நாளில் இடைவெளி கிடைப்பதில்லை | வாரம் ஒருமுறையோ குறைவாகவோ குடிப்பவர் |
| சிறிதளவு, ஊசி தவறாமல் | பெரும்பாலும் ஏறும் | பாதிப்பதாகச் சான்றில்லை | அளவு மீறும். காய்ச்சலும் போதைத் தலைவலியும் குழம்பும் | நிறுத்த முடியாதவர் |
| ஊசியைத் தள்ளுதல் | ஏறாது | தாமதமாகும் | உயிர் | யாருக்கும் இல்லை |

## ஒரு வியாழக்கிழமைக் கடி

இந்த நான்கு வழிகளும் நடைமுறையில் எப்படி வேலை செய்யும் என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். குலசேகரம் அருகே ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போன ஒருவருக்கு வியாழன் காலை கெண்டைக்காலில் நாய்க்கடி. இரண்டு பல் ஓட்டைகள், இரத்தக் கசிவு. இரத்தம் கசிந்ததால் இது மூன்றாம் வகைக் காயம். எடை 60 கிலோ, வாரம் ஒருமுறை குவாட்டர் குடிப்பவர், ஞாயிறு காலை தங்கைக்குக் கல்யாணம்.

முதல் வேலை குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவுவது. மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவமனையில் முதல் ஊசியும், காயத்தில் இம்யூனோகுளோபுலினும். குதிரை இரத்தத்திலிருந்து எடுத்த வகையானால் கிலோவுக்கு 40 அலகு வீதம் 2,400 அலகு. மில்லிக்கு 300 அலகு கொண்ட மருந்தில் எட்டு மில்லி. அதில் காயம் கொள்ளும் அளவைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்துவார்கள். வியாழன் 0-ஆம் நாள் என்பதால் மூன்றாம் நாள் சரியாகக் கல்யாண ஞாயிறு. ஏழாம் நாள் அடுத்த வியாழன். 28-ஆம் நாள், கடிபட்ட வியாழனை விட்டுவிட்டு எண்ணினால் நான்காவது வியாழன்.

ஞாயிற்றுக்கிழமை வெளிநோயாளர் பிரிவு இயங்காத இடங்கள் உண்டு. ஆகவே "ஞாயிற்றுக்கிழமை எங்கே வர வேண்டும், அவசரப் பிரிவிலேயே போடுவார்களா" என்று வியாழனன்றே கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். முகூர்த்தம் ஒன்பதரைக்கு என்றால் ஏழரைக்கே ஊசி முடித்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விடலாம்.

இவர் முதல் வழியை எடுத்தால் சிக்கலே இல்லை. இரண்டாம் வழியில் சனிக்கிழமை இரவு மண்டபத்தின் பின்புறம் கூடும் கூட்டத்தில் உட்காராமல் இருக்க வேண்டும். அதுதான் உண்மையில் கடினமான இரவு. மூன்றாம் வழியில் சனிக்கிழமை ஒரு கட்டிங்கோடு எழுந்துவிட்டால் ஞாயிறு ஊசி அதே பலனைத் தரும். மீறி ஒரு குவாட்டரும் மேலும் போய்விட்டால் ஞாயிறு காலை அலாரம் அடிப்பது அவருக்குக் கேட்காது. ஊசி திங்களுக்குப் போகும், திங்கள் மறுவீட்டு விருந்து, செவ்வாய்க்குப் போகும். இந்தச் சங்கிலியில் மது ஊசியை வெள்ளையணுக்களின் வழியே கெடுக்கவில்லை, காலண்டரின் வழியே கெடுக்கிறது. இவருக்கு நான் சொல்வது இரண்டாம் வழியை. சனிக்கிழமை தவறிவிட்டால் மூன்றாம் வழியை.

## தவறிவிட்டவர்களும் விதிவிலக்கானவர்களும்

ஞாயிறு ஊசி தவறிவிட்டது என்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. நினைவு வந்த அன்றே போய் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு, மீதியை இடைவெளி மாறாமல் தொடர வேண்டும். "தவறிவிட்டது, இனி போட்டு என்ன" என்று நிறுத்துவது, தவறியதைவிடப் பெரிய தவறு.

கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர், ஸ்டீராய்டோ வேறு எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்தோ எடுப்பவர், எச்ஐவி உள்ளவர் ஆகியோருக்கு மேற்கண்ட ஒப்பீடு அப்படியே பொருந்தாது. அவர்கள் மதுவைவிட முதலில் சொல்ல வேண்டியது அந்த நோயையும் மருந்தையும்தான். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு இரத்தம் கசியாத கடிக்கும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படலாம். ஊசிகள் முடிந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்த்து, 0.5 அலகை எட்டாதிருந்தால் கூடுதல் ஊசி போடும் முடிவை மருத்துவர் எடுக்கலாம்.

தினமும் குடிப்பவர் ஹெபடைட்டிஸ் பி ஊசியும் போட்டுக்கொண்டிருந்தால் அதற்கும் கடைசி ஊசியிலிருந்து ஒன்றிரண்டு மாதத்தில் இதேபோல் எதிர்ப்பொருளைச் சோதித்துக்கொள்வது, மது பலனைக் குறைக்கிறது என்ற சான்று உண்மையிலேயே இருக்கும் ஓர் ஊசிக்குச் செய்ய வேண்டிய வேலை.